பாஸ்வேர்டு மாற்றிய பிறகு ஒன்டிரைவ் தினமும் வெளியேறுகிறதா?



இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "டீச்சர், பாஸ்வேர்டு மாத்தினேன். அதுலேருந்து லேப்டாப்ல ஒன்டிரைவ் தினமும் திரும்பத் திரும்ப லாகின் பண்ணச் சொல்லுது. என்ன செய்யறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட இங்கேயே விவரமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். இதில் அவசரப்பட்டால் கோப்புகள் போய்விடும்.

முதலில் ஏன் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

லேப்டாப்பில் இருக்கும் அந்த மென்பொருள் உங்கள் பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. முதல் நாள் நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்ததும் அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. அதன்பின் அந்தச் சீட்டைக் காட்டித்தான் கோப்புகளை ஏற்றுகிறது, இறக்குகிறது. நீங்கள் பள்ளிக்கு வந்த பஸ் பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை பள்ளியில் சான்று காட்டிப் பாஸ் வாங்குவீர்கள். அப்புறம் கண்டக்டர் பாஸை மட்டும்தான் பார்ப்பார்.

பாஸ்வேர்டை மாற்றினால் பழைய பாஸ் எல்லாம் செல்லாது என்று அறிவித்த மாதிரி. அதனால் ஒரு தடவை வெளியேற்றுவது சரியானதுதான். உங்கள் பாதுகாப்புக்குத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

எல்லாச் சேவையும் இதே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 ஏப்ரலில் டெரெக் நியூட்டன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் டிராப்பாக்ஸ் பற்றி ஒன்றைக் காட்டினார். அந்த மென்பொருள் தன் அனுமதிச் சீட்டை `config.db` என்ற கோப்பில் வைத்திருந்தது. அதை ஒருவர் நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்தால் அங்கேயும் உங்கள் கோப்புகள் வந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சீட்டு செல்லுபடியாகவே இருந்தது. கணக்கிலுள்ள சாதனப் பட்டியலிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை நீக்கினால்தான் அது நிற்கும். பின்னாளில் அந்தக் கோப்பை மறைகுறியாக்கி மாற்றினார்கள். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: பாஸ்வேர்டு வேறு, அனுமதிச் சீட்டு வேறு.

சரி, ஒரு தடவை வெளியேற்றுவது நியாயம். தினமும் ஏன் வெளியேற்றுகிறது? பெரும்பாலும் பையில் பழைய பாஸும் புதிய பாஸும் சேர்ந்து கிடப்பதால்தான். விண்டோஸ் தன் சேமிப்பில் பழைய சீட்டையும் விட்டுவைத்திருக்கும். நீங்கள் புது பாஸ்வேர்டு கொடுத்ததும் வேலை நடக்கும். லேப்டாப்பை அணைத்துத் திறந்ததும் பழையதை எடுத்து நீட்டும், அங்கே ஏற்க மாட்டார்கள். எத்தனை தடவை பாஸ்வேர்டு அடித்தாலும் அந்தப் பழைய சீட்டை எடுக்காதவரை இது தீராது.

இப்போது ஒரு நடந்த கதை. நம் கோவளத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை அவன் போன் தொலைந்தது. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றினான், அது நல்ல காரியம். ஞாயிறன்று கடற்கரையில் ஒரு கல்யாணப் படப்பிடிப்பு. திருத்திய படங்களை ஒன்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டான். தினமும் காலையில் லாகின் கேட்கும், கொடுப்பான், கொஞ்சம் ஏறும், மறுநாள் மீண்டும் கேட்கும். புதன்கிழமை எனக்குப் போன் செய்தான். "டீச்சர், வெறுத்துப் போச்சு. ஒன்டிரைவ் ஃபோல்டரையே டெலிட் பண்ணிட்டு புதுசா போட்டுடறேன். எல்லாம்தான் நெட்ல இருக்கே" என்றான்.

"எதையும் தொடாதேப்பா. முதல்ல எண்ணிப் பார்" என்றேன்.

பிரவுசரில் `onedrive.live.com` போய்ப் புது பாஸ்வேர்டில் நுழைந்து அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். அங்கே 41 படங்கள் இருந்தன. லேப்டாப்பில் 186. அதாவது 145 படங்கள் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. கேமரா கார்டையும் அவன் அடுத்த வேலைக்காக அழித்திருந்தான். ஃபோல்டரை அழித்திருந்தால் மணமக்கள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அவனுக்குச் சொன்ன வரிசையை அப்படியே உங்களுக்கும் தருகிறேன். வரிசை மாறக்கூடாது.

1. எண்ணுங்கள், நகலெடுங்கள்.
ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு குறி இருக்கும். பச்சை டிக் என்றால் கோப்பு லேப்டாப்பில் இருக்கிறது. மேகக் குறி மட்டும் என்றால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. வட்டமாகச் சுற்றும் இரண்டு அம்புகள் என்றால் இன்னும் ஏறவில்லை, கவலைப்பட வேண்டியது இவற்றுக்குத்தான். குறியை மட்டும் நம்பாமல் பிரவுசரில் உள்ள எண்ணிக்கையோடும் ஒப்பிடுங்கள். ஏறாதவற்றை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பல லேப்டாப்களில் Desktop, Documents, Pictures மூன்றுமே ஒன்டிரைவுக்குள்தான் இருக்கும்.

2. தொலைந்த சாதனத்தை வெளியேற்றுங்கள்.
போன் தொலைந்ததால் பாஸ்வேர்டு மாற்றியவர்களுக்கு மட்டும் இது. `account.microsoft.com` போய் பாதுகாப்புப் பகுதியில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். இது முழுதாக நடந்து முடிய 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் லேப்டாப்பை மீண்டும் இணைத்தால் அதுவும் ஒருமுறை வெளியேறும். "சரி செய்தும் போய்விட்டதே" என்று குழம்புவீர்கள். அதனால் இதை முதலில் செய்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

3. இணைப்பைத் துண்டியுங்கள்.
கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மேகப் படத்தைச் சொடுக்கி, பல்சக்கரத்தில் Settings, அதில் Account, அதில் Unlink this PC. இது எதையும் அழிக்காது. லேப்டாப்பில் இருந்த கோப்பு லேப்டாப்பிலேயே இருக்கும், இணையத்தில் இருந்தது இணையத்திலேயே இருக்கும். லாகின் பெட்டி வந்தால் இப்போதைக்கு மூடிவிடுங்கள்.

4. பழைய சீட்டை எடுங்கள்.
விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தி இதை அடியுங்கள்:

```
control /name Microsoft.CredentialManager
```

Windows Credentials என்பதைச் சொடுக்கினால் கீழே ஒரு பட்டியல் வரும். அதில் `OneDrive Cached Credential` என்று தொடங்கும் வரியைத் திறந்து Remove கொடுங்கள். அது மட்டும்தான். மற்ற வரிகள் ஆபீஸ் நெட்வொர்க், வேறு மென்பொருள் ஆகியவற்றுக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள். பிறகு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

5. மீண்டும் இணையுங்கள்.
ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஒன்டிரைவைத் திறந்து புது பாஸ்வேர்டு கொடுங்கள். "உங்கள் ஃபோல்டர் இங்கே ஏற்கெனவே இருக்கிறது" என்கிற மாதிரி ஒரு பெட்டி வரும். அங்கே Use this folder என்பதையே தேர்ந்தெடுங்கள். புது ஃபோல்டர் என்று கொடுத்தால் இணையத்தில் உள்ளதெல்லாம் இரண்டாவது தடவை இறங்கும். ஏறாத கோப்புகளோ பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடும், யாரும் அவற்றை ஏற்ற மாட்டார்கள்.

6. காத்திருங்கள்.
இரண்டு பக்கத்தையும் ஒப்பிட நேரம் எடுக்கும். ஒரே கோப்பு இரண்டு இடத்திலும் வெவ்வேறாக இருந்தால் ஒன்றின் பெயர் முடிவில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் சேர்ந்திருக்கும். அதைக் குப்பை என்று அழிக்காமல் இரண்டையும் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தப் பிள்ளை இப்படிச் செய்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரவெல்லாம் ஏறவிட்டான். மறுநாள் காலை பிரவுசரில் 186 காட்டியது. லேப்டாப்பை அணைத்துத் திறந்தும் லாகின் கேட்கவில்லை. சரியானதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மறுநாள் கேட்காமல் இருக்க வேண்டும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் லேப்டாப்பின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். கடிகாரம் தப்பாக ஓடினால் சீட்டின் காலக்கெடுவைச் சரிபார்க்க முடியாது. அதன்பிறகும் கேட்டால் விண்டோஸ், R அழுத்தி இதை அடியுங்கள்:

```
%localappdata%\Microsoft\OneDrive\onedrive.exe /reset
```

இதுவும் கோப்புகளை அழிக்காது. ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிடும், அதனால் நேரமாகும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால் அங்குள்ள கம்ப்யூட்டர் பொறுப்பாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். அங்கே அடிக்கடி லாகின் கேட்கும்படி அவர்களே வைத்திருக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளோடு முடிக்கிறேன்.

ஒன்று, "உங்கள் ஒன்டிரைவ் நின்றுவிட்டது, இங்கே சொடுக்கி மீண்டும் இணையுங்கள்" என்று மெயிலோ எஸ்.எம்.எஸ்ஸோ வந்தால் அதைச் சொடுக்காதீர்கள். தினமும் லாகின் கேட்டுப் பழகிய கை, யோசிக்காமல் அதிலும் பாஸ்வேர்டை அடித்துவிடும். லேப்டாப்பில் உள்ள மேகப் படத்தின் வழியாக மட்டுமே உள்ளே போங்கள். பிரவுசரில் கேட்டால் முகவரியைப் பாருங்கள், சொந்தக் கணக்குக்கு `login.live.com` என்று இருக்கும். போனுக்கு வரும் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இரண்டு, வேறு ஒருவருடைய கம்ப்யூட்டரிலோ விற்கப்போகும் பழைய லேப்டாப்பிலோ உங்கள் கோப்புகள் இருந்தால், முதலில் துண்டியுங்கள், பிறகு அழியுங்கள். இணைந்திருக்கும்போது அழித்தால் இணையத்திலும் உங்கள் போனிலும் சேர்ந்தே அழிந்துவிடும். தவறி அப்படி ஆகிவிட்டால் `onedrive.live.com` பக்கத்தில் Recycle bin பாருங்கள். சொந்தக் கணக்கில் அழித்தவை 30 நாள் அங்கே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். திரையில் என்ன எழுதி வருகிறது என்பதைப் படம் எடுத்துப் போட்டால் சொல்வது எளிது. அந்தப் படத்தில் உங்கள் மெயில் முகவரி தெரியாமல் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், கோவளம்