கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர்

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் பாதிப் பேர் கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறவர்கள். "கால் வலிக்கிறதே, இந்த மாத்திரையாலோ?" என்ற பேச்சு அடிக்கடி வரும். பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானமாகவோ, முந்தின நாள் மாடி ஏறி இறங்கியதாகவோ இருக்கும். ஆனால் சென்ற ஆண்டு என் மைத்துனருக்கு வந்தது வேறு.

அவருக்கு வயது 71. அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், ஆறு வருடமாக ஒரு தொல்லையும் இல்லாமல் சாப்பிட்டு வந்தார். நெஞ்சில் சளி கட்டியதற்கு வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் இரண்டு தொடையிலும் தோளிலும் ஒரே நேரத்தில் வலி. ஏழாம் நாள் கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அன்று மாலை சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. "வெயில்தானே, தண்ணீர் குறைச்சலாக் குடிச்சிருப்பார்" என்றாள் அக்கா. நாலு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகும் நிறம் மாறவில்லை. இரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

அங்கே பட்டைச் சோதனையில் சிறுநீரில் ரத்தம் என்று காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இல்லை. "இது ரத்தம் இல்லை, தசை உடைந்து கசிகிற மயோகுளோபின்" என்றார் மருத்துவர். அடோர்வாஸ்டாட்டினைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை கிளாரித்ரோமைசின் முடக்கிவிடுமாம். அதனால் வழக்கமான மாத்திரையே உடம்பில் பல மடங்காகிவிட்டது. சுமார் 200க்குள் இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ், நம் லேப் ரசீதில் சி.பி.கே. என்று போடுவார்களே அது, 18,000 இருந்தது. அந்த மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, நாள் முழுக்க சலைன் ஏற்றி, கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிறுநீரகம் தப்பியது.

வலியே இல்லாதவர்கள் வருடா வருடம் சி.பி.கே. பார்க்க வேண்டியதில்லை என்றும் அந்த மருத்துவர் சொன்னார். தோட்ட வேலை செய்தாலோ, இடுப்பில் ஊசி போட்டாலோகூட அது கொஞ்சம் ஏறும். வீண் பயம்தான் மிச்சம். இரு பக்கமும் தசை வலியோ பலவீனமோ புதிதாக வந்தால், குறிப்பாக மாத்திரை அளவு கூடிய பிறகோ புது மருந்து சேர்ந்த பிறகோ வந்தால், அப்போது பார்க்க வேண்டும். இயல்பின் மேல் எல்லையைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிறுநீரும் கறுத்துவிட்டால் லேப் முடிவுக்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது. அன்றைய மாத்திரையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீர் நிறம் மாறாமலும் தசை உடையலாம் என்பதால், எழ முடியாத பலவீனம் ஒன்றே போதும் கிளம்புவதற்கு.

இப்படி ஆவது ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே சாதாரண முழங்கால் வலிக்காக யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மைத்துனரே இரண்டு மாதம் கழித்து, சி.பி.கே. இறங்கிய பின், அந்த நொதியை அவ்வளவாக நம்பியிராத ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் மறுபடி தொடங்கியிருக்கிறார். இப்போது பல் டாக்டரிடம் போனாலும் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்.