காக்கிக் கவருக்குள் வெள்ளைக் கவர்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வி.பி.என். பற்றிச் சொல்லித்தர எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு பாடவேளை, 45 நிமிடம். அதற்கு நான் எடுத்துப்போவது இருபது வெள்ளைக் கவர், பத்துப் பெரிய காக்கிக் கவர், இரண்டு ஸ்கெட்ச் பேனா. கணினி ஆய்வகத்துக்கு அன்று போவதில்லை. திரையில் காட்டினால் ஒரு பொத்தான் பச்சையாக மாறுவதைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். உள்ளே நடப்பது கண்ணில் படாது.

இந்தப் பாடத்தில் முதல் இடைஞ்சலே ‘சுரங்கம்’ என்ற சொல்தான். ‘டனல்’ என்றாலும் அதேதான். படம் வரையச் சொன்னால் பூமிக்கடியில் ஒரு குழாயை வரைவார்கள். அந்தக் குழாய் வழியாகப் போவது யாருக்கும் தெரியாது என்பார்கள். உண்மையில் புதுப் பாதை எதுவும் போடப்படுவதில்லை. அதே கம்பி, அதே ரவுட்டர்கள், எல்லோர் செய்தியும் போகிற அதே சாலை. மாறுவது கவர் மட்டும்தான். அதனால் பாடத்தின் முதல் பதினைந்து நிமிடம் சுரங்கம் என்ற சொல்லை நான் வாயில் எடுப்பதே இல்லை.

வகுப்பின் ஒரு மூலை மதுரைக் கிளை அலுவலகம். எதிர்மூலை சென்னைத் தலைமை அலுவலகம். நடுவில் இருக்கும் மூன்று பெஞ்சுகளும் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். மதுரையில் உட்கார்ந்திருக்கும் மாணவியிடம் வெள்ளைக் கவரைக் கொடுத்து, ‘பெறுநர்: கணக்குப் பிரிவு, 5ஆம் மேசை’ என்று மட்டும் எழுதி அனுப்பச் சொல்வேன். முதல் பெஞ்சிலேயே கவர் நின்றுவிடும். “எந்த ஊர் மேசை சார்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன். அப்போது பலகையில் 192.168.20.5 என்று எழுதுவேன். இது அலுவலகத்துக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் முகவரி. இதே எண் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் இருக்கலாம். பொது இணையத்தின் ரவுட்டர் எதற்கும் இதற்கு வழி தெரியாது.

இப்போது அந்த வெள்ளைக் கவரை அப்படியே ஒரு காக்கிக் கவருக்குள் போட்டு, மேலே சென்னை அலுவலகத்தின் தெருவும் பின்கோடும் எழுதச் சொல்வேன். கவர் மூன்று பெஞ்சையும் தாண்டிப் போய்ச் சேரும். சென்னையில் இருப்பவர் காக்கியைக் கிழித்து எறிந்துவிட்டு, வெள்ளைக் கவரை 5ஆம் மேசையில் வைப்பார். மேசைக்காரருக்கு அது பக்கத்து அறையிலிருந்து வந்த கடிதம் போலவே இருக்கும். “இதற்குப் பெயர்தான் சுரங்கம்” என்று அப்போது சொல்வேன்.

கவனியுங்கள், இதுவரை பூட்டு எதுவும் போடவில்லை. வழியில் யார் வேண்டுமானாலும் காக்கியைப் பிரித்துப் படிக்கலாம். சுரங்கம் வேறு, இரகசியம் வேறு. பூட்டே இல்லாத சுரங்கங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, ஜி.ஆர்.இ. அப்படி ஒன்று. சாவியை முதலில் சொல்லிக்கொடுத்தால் இந்த வித்தியாசம் பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. நான் பல வருடம் சாவியில்தான் தொடங்கினேன். அது தவறான வரிசை.

அடுத்தது வழி. பின்கோட்டை 1972இல் கொண்டுவந்தார்கள். ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம்; தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவுகளுக்கு 6. டில்லியில் பிரிப்பவர் 6 என்று பார்த்ததும் தெற்கே போகும் பையில் போட்டுவிடலாம். மீதி ஐந்து இலக்கம் அவருக்கு வேண்டியதில்லை. தெற்கே வந்த பிறகு 625 என்றால் மதுரை, 641 என்றால் கோவை என்று பிரியும். கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத்தான் எந்த அஞ்சலகம் என்று தெரியும். முழு வழியையும் அறிந்த ஆள் நடுவில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்த பை எது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ரவுட்டர் செய்வதும் இதே வேலைதான்: முகவரியின் முன்பகுதியைப் பார்த்து, தன் பட்டியலில் அதோடு அதிக தூரம் பொருந்தும் வரியைத் தேடி, அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

மதுரை அலுவலகத்தின் தபால் மேசைக்கும் ஒரு பட்டியல் வேண்டும். ‘192.168.20 என்று தொடங்கினால் காக்கிக் கவர். மற்றதெல்லாம் நேராகத் தபால் பெட்டி’ என்று எழுதி ஒரு மாணவரிடம் கொடுப்பேன். நாலைந்து கவர் சரியாகப் போகும். பிறகு பட்டியலை மாற்றி, ‘எல்லாமே காக்கிக் கவர்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுப்பேன். போன வருடம் தபால் மேசையில் இருந்த மாணவி மிகவும் நேர்மையாக வேலை செய்தாள். வெள்ளைக் கவரைக் காக்கியில் போட்டாள். கையில் இருப்பது இப்போது ஒரு காக்கிக் கவர். பட்டியலைப் பார்த்தாள், எல்லாமே காக்கிக் கவர் என்று இருந்தது. அதை இன்னொரு காக்கியில் போட்டாள். மூன்றாவதை எடுக்கும்போது கை நின்றது. “சார், இது வெளியே போகவே போகாதே” என்றாள்.

வலையமைப்பில் இதே சிக்கல் நிஜமாகவே வரும். எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்தில் விட்டால், சுரங்கத்தைச் சுமக்கும் கவரும் சுரங்கத்துக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேட்டேன். ஏற்கெனவே கட்டிய கவரில் மூலையில் ஒரு குறி போடலாம், குறி இருந்தால் பட்டியலைப் பார்க்காமல் நேரே பெட்டியில் போடலாம் என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது. வயர்கார்ட் என்ற சுரங்க மென்பொருளுடன் வரும் `wg-quick` லினக்ஸில் செய்வது அச்சு அசலாக இதைத்தான். தான் கட்டிய பாக்கெட்டுகளுக்கு ஒரு குறி வைக்கிறது. குறியுள்ளவை பழைய வழிப்பட்டியலிலேயே போகும்படி விதி எழுதுகிறது.

மூன்றாவது, சாவி. முன்பெல்லாம் திறந்த பூட்டை உதாரணம் காட்டுவேன்: சென்னை ஒரு திறந்த பூட்டை அனுப்புகிறது, மதுரை அதை அழுத்திப் பூட்டுகிறது, திறக்கும் சாவி சென்னையில் மட்டும். எளிமையானதுதான், ஆனால் வயர்கார்ட் அப்படி இயங்கவில்லை. அங்கே இரண்டு பக்கமும் ஒரே இரகசியத்தை, அதை அனுப்பாமலேயே, தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறார்கள். தபாலில் இதற்கு ஒப்புமை இல்லை. இல்லாத ஒப்புமையை இழுத்துப் பிடிப்பதைவிடப் பலகையில் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

பலகையில் 5, 23 என்று எல்லோரும் பார்க்க எழுதுவேன். மதுரை மாணவி மனதில் 3 என்று நினைத்துக்கொள்கிறாள். 5ஐ மூன்று முறை பெருக்கினால் 125. அதை 23ஆல் வகுத்தால் மீதி 10. பத்து என்று உரக்கச் சொல்கிறாள். சென்னை மாணவர் நினைத்தது 4. ஐந்தை நான்கு முறை பெருக்கினால் 625, மீதி 4. அவரும் உரக்கச் சொல்கிறார். இப்போது மதுரை, கேட்ட 4ஐத் தன் இரகசியப்படி மூன்று முறை பெருக்குகிறது: 64, மீதி 18. சென்னை, கேட்ட 10ஐ நான்கு முறை பெருக்குகிறது: 10000, மீதி 18. இரண்டு பேர் தாளிலும் 18. நடு பெஞ்சுகளின் காதில் விழுந்தது 5, 23, 10, 4 மட்டும்; 18ஐ யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன எண் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடித்துவிடலாம். வயர்கார்டில் மனதில் வைத்துக்கொள்ளும் எண் 77 இலக்கம். பெருக்கலுக்குப் பதில் அங்கே வளைகோட்டுக் கணக்கு, ஆனால் ஏற்பாடு ஒன்றுதான். கிடைத்த இரகசியத்தையும் நெடுநேரம் வைத்திருப்பதில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகப் போட்டுக்கொள்கிறது.

மனதில் வைத்தது தனிச்சாவி, உரக்கச் சொன்னது பொதுச்சாவி. “நடு பெஞ்சில் ஒருவர் 10ஐ மாற்றி வேறு எண்ணைச் சொல்லியனுப்பினால்?” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். அப்படி நடந்தால் நடுவில் இருப்பவரோடு இரகசியம் பேசிக்கொண்டிருப்போம். அதனால்தான் வயர்கார்டில் பொதுச்சாவிகளை முன்கூட்டியே, நம்பிக்கையான வழியில் மாற்றிக்கொண்டு, இரு முனையிலும் எழுதி வைத்துவிட வேண்டும்.

எழுதி வைப்பது எப்படி என்பதை இந்த இடத்தில் காட்டுகிறேன். மதுரையில் இருக்கும் கோப்பில் சென்னைக்கான பகுதி இது:

```
[Peer]
PublicKey = ...
Endpoint = 203.0.113.7:51820
AllowedIPs = 192.168.20.0/24
```

முதல் வரியில் 44 எழுத்தில் சென்னையின் பொதுச்சாவி வரும். இரண்டாவது, காக்கிக் கவரின் மேல் எழுதும் முகவரி. மூன்றாவது வரிக்கு இரண்டு வேலை. போகும்போது அது தபால் மேசையின் பட்டியல்: 192.168.20 என்று தொடங்குபவை இந்தச் சாவியால் பூட்டிப் போகும். வரும்போது அது காவலாள்: இந்தச் சாவியால் திறந்த காக்கிக்குள் இருக்கும் வெள்ளைக் கவரின் அனுப்புநர் முகவரி 192.168.20இல் இல்லாவிட்டால் கவர் குப்பைக்குப் போகும். சென்னைச் சாவியை வைத்துக்கொண்டு கோவை பெயரில் கடிதம் அனுப்ப முடியாது. சாவியும் வழியும் இந்த ஒரு வரியில் சேர்ந்துவிடுகின்றன. இதை வகுப்பில் நடித்துக் காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

பழுது பார்ப்பதையும் கவரை வைத்தே சொல்லலாம். `wg show` என்று கொடுத்தால் `latest handshake` என்ற வரி வர வேண்டும். அது வராவிட்டால் காக்கிக் கவர் போய்ச் சேரவில்லை, அல்லது சாவி பொருந்தவில்லை. தெரியாத சாவிக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது, அதனால் பிழைச்செய்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த வரி வந்தும் 5ஆம் மேசை பதில் தராவிட்டால் பெரும்பாலும் பட்டியலில்தான் தவறு. சின்னப் பக்கங்கள் திறந்து, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றால் கவர் அளவைப் பாருங்கள். சாலை 1500 பைட் வரை ஏற்கும். காக்கிக் கவரே 80 பைட் வரை எடுத்துக்கொள்ளும். உள்ளே வைக்க மிஞ்சுவது 1420. எங்கள் பள்ளிக்கு அருகே ஓர் அலுவலகத்தில் இந்தச் சிக்கல் வந்தபோது இரண்டு நாள் சாவியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கேபிளுக்கு முன்பாகவே இன்னொரு கவர் போடும் இணைப்பு அது. அளவை இன்னும் கொஞ்சம் குறைத்ததும் சரியாகிவிட்டது.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒட்டிய காக்கிக் கவரைத் தூக்கிக் காட்டி, தபால்காரருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று தாளில் எழுதச் சொல்கிறேன். எங்கிருந்து, எங்கே, எவ்வளவு எடை, எப்போது ஆகிய நான்கையும் எழுதியவர்களின் தாளைத் திருத்தி வைத்துவிடுகிறேன். ‘ஒன்றும் தெரியாது’ என்று எழுதியவர்களை மறுநாள் மதிய இடைவேளையில் கூப்பிட்டு, கவர்களோடு முதலிலிருந்து மறுபடி எடுக்கிறேன்.