பழைய பாஸ்வேர்டைக் காட்டி மிரட்டும் மெயில்

ராசிபுரம் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கை ஒருவர் தனக்கு வந்த மெயிலை எங்களிடம் காட்டினார். உன் பாஸ்வேர்டு இது, கேமராவில் உன்னைப் பதிவு செய்துவிட்டேன், பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லையேல் எல்லோருக்கும் போகும் என்று இருந்தது. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று நடுங்கினார். பாஸ்வேர்டு அவருடையதுதான், பயம் அங்கேதான் பிடிக்கிறது.

ஆனால் அது அவருடைய போனிலிருந்து போனதல்ல. நாம் கணக்கு வைத்திருந்த ஏதோவொரு தளத்திலிருந்து களவு போயிருக்கும். லிங்க்ட்இன் தளத்தில் 2012இல் திருடியவை 2016இல் விற்பனைக்கே வந்தன, 11 கோடிக்கும் மேல். இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்து 2018 முதல் ஒரே கடிதத்தை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். வீடியோ இருந்தால் ஒரு படமாவது காட்டியிருப்பான். உங்கள் முகவரியிலிருந்தே வந்ததுபோல் தெரிந்தாலும் நம்பாதீர்கள், அனுப்புநர் பெயரை எளிதில் போலியாகப் போடலாம்.

பதில் போடாதீர்கள், பணமும் வேண்டாம். haveibeenpwned.com தளத்தில் மெயில் முகவரியைப் போட்டால் எந்தெந்தக் கசிவில் அது சிக்கியது என்று தெரியும். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள், மெயில் கணக்கை முதலில்.

உண்மையான படத்தோடு, தெரிந்த ஆளிடமிருந்து மிரட்டல் வந்தால் கதை வேறு. அதை அழிக்காமல் வைத்து 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம்.