பௌர்ணமி தாண்டிக் கிளம்பும் பெட்டி

லண்டனில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பலகாரப் பெட்டி அனுப்புகிறார் நண்பர் ஒருவர். பெட்டியின் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார். உள்ளே என்ன, எப்போது கைக்கு வரும், அவ்வளவுதான். சுடுகிற இடத்தைப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை முறுக்கி, துணிமேல் சுற்றுச் சுற்றாக வைத்துக்கொண்டே போகிறார். பிரிட்டனுக்குத் தனிநபர் பார்சலில் இந்தியப் பால் பொருள் போகக் கூடாது. சந்தேகமே வேண்டாமென்று வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றித்தான் மாவு பிசைகிறார். பால்கோவா பட்டியலில் இல்லாததும் இதனால்தான்.

எண்ணெயில் போட்டதும் முறுக்கைச் சுற்றி நுரை பொங்குகிறது. அந்தச் சலசலப்பு அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால் நடுச் சுற்று வேகாமல் நிற்கும். எடுத்ததை மூங்கில் தட்டில் ஆறவிடுகிறார். “சுடச்சுட கவர்ல போட்டா வேர்த்துடும் சார். ரெண்டே நாள்ல நமத்துப் போயிடும்.”

பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 6. உள்ளே நாலு கிலோ இருந்தாலும் கூரியரில் ஆறு கிலோவுக்குத்தான் காசு கேட்கிறார்கள். முறுக்கு அடைக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பணம். அதனால் சந்துகளில் சீடையைக் கொட்டி நிரப்புகிறார்கள். முறுக்கும் ஆடாமல் நிற்கிறது.

சீடைக்கும் முறுக்குக்கும் அந்த அம்மாவுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. உடைந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எடுத்துப் போகிற ஏஜென்ட் மூட்டையைத் தொப்பென்று வண்டியில் போட்டதை நானே பார்த்தேன். அவன் உடைத்ததற்கும் இவர் கூலியில்தான் கை வைக்கிறார்கள். வெந்த கைக்கு உள்ளதைப் பிடித்துக்கொண்டு விற்கிற லாபம் லாபமே இல்லை. நண்பரிடமும் இதைச் சொன்னேன். இனி சுட்ட இடத்திலேயே எடை போடுவதாக ஒப்புக்கொண்டார்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊருக்குள் வராது. முந்தின நாள் பொரித்தால் சரக்கு வீட்டிலேயே கிடக்கும். அதனால் பௌர்ணமி கழிந்த பிறகுதான் அடுப்பு மூட்டுகிறார்கள். “ஐந்தே நாளில்” என்று போடச் சொன்னார் நண்பர். சுங்கத்தில் நிற்கும் நாளை யார் கணக்கில் எழுதுவது? நான் எழுதிக் கொடுத்தது இது:

“கைமுறுக்கு, தட்டை, உப்புச் சீடை, கடலை உருண்டை, பருப்புப் பொடி. பால், நெய், வெண்ணெய் இல்லை. கடலை, உளுந்து உண்டு. பொரித்த தேதி பெட்டி மேல் இருக்கிறது. பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து கிளம்பும். அதிலிருந்து 6 முதல் 10 வேலை நாளில் கைக்கு வரும். சுங்கச் சோதனையில் நின்றால் சில நாள் கூடும். பிரித்ததும் டப்பாவில் போட்டு மூடுங்கள்.”