பில்லில் 5,000, மெஷினில் 4,800

ஷூ கம்பெனியின் தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அளவு குறைந்த ஒரு லோடுக்காக ஒரு தோல் ஷாப்புக்குப் போன் செய்தேன். குறை இவ்வளவு என்று சொல்லிவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. நாலு நொடி இருக்கலாம், ஐந்து நொடி இருக்கலாம். அதற்குள் நானே, "பரவாயில்லைங்க, அடுத்த லோடுல பாத்துக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் என்னை மிரட்டவில்லை, பேரம்கூடப் பேசவில்லை. அந்த அமைதிக்கு நானே பயந்து விட்டுக்கொடுத்தேன்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த அந்தக் காலத்தில்தான் பேச்சுவார்த்தை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களை வாங்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய பிரதிகள். இப்போது எனக்குக் கீழே புதிதாகச் சேருகிற பிள்ளைகளில் வாய் திறக்கத் தயங்குபவர்களுக்கு அவற்றில் மூன்றைத்தான் கொடுக்கிறேன். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் எழுதிய 'கெட்டிங் டு யெஸ்'. டக்ளஸ் ஸ்டோன், புரூஸ் பேட்டன், ஷீலா ஹீன் மூவரும் 1999இல் கொண்டுவந்த 'டிஃபிகல்ட் கான்வர்சேஷன்ஸ்'. கடத்தப்பட்டவர்களை மீட்க எஃப்.பி.ஐ.க்காகப் பேரம் பேசிய கிரிஸ் வாஸ், 2016இல் தால் ராஸுடன் சேர்ந்து எழுதிய 'நெவர் ஸ்பிளிட் தி டிஃபரன்ஸ்'. எல்லோரும் முதலில் எடுப்பது மூன்றாவதைத்தான், கடத்தல் கதை இருக்கிறதே. நான் அதைக் கடைசியில்தான் கொடுப்பேன். ஏன் என்பதற்கு ஒரு லோடின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிடங்கில் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பெண். டிப்ளமோ முடித்தவள், வேலையில் சுத்தம், பேச்சு மட்டும் வராது. ஒரு நாள் எருமை சைடு ஒரு லோடு வந்தது. முழுத் தோலை முதுகுத்தண்டு வழியாக இரண்டாக வெட்டினால் கிடைக்கும் பாதிதான் சைடு. கட்டுக்குப் பத்து சைடு என்று 25 கட்டு, பில்லில் 5,000 சதுர அடி. எங்கள் மெஷினில் விட்டால் 4,800தான் வந்தது. அடி 120 ரூபாய், ஆக 24,000 ரூபாய் விஷயம். எங்கள் ஆர்டரில் 2 சதவீதம் வரை அளவு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறோம், இது 4 சதவீதம். அவள் ஒரு மெயில் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரியே, "நீங்கள் அளவு குறைத்து அனுப்பியிருக்கிறீர்கள்." வாயால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பெண் மெயிலில் இப்படி எழுதுகிறாளே என்று ஆச்சரியப்பட வேண்டாம். கூச்சப்படுகிறவர்கள் நேரில் பேச முடியாததையெல்லாம் சேர்த்துவைத்து எழுத்தில் கொட்டிவிடுவார்கள்.

இந்த இடத்துக்கு 1999 புத்தகம்தான் மருந்து. கடினமான எந்தப் பேச்சுக்குள்ளும் மூன்று பேச்சு நடக்கிறது என்கிறார்கள் அவர்கள்: என்ன நடந்தது என்பது ஒன்று, அதனால் மனசுக்கு என்ன ஆனது என்பது ஒன்று, இதில் நான் எப்படிப்பட்ட ஆளாகத் தெரிகிறேன் என்பது ஒன்று. அவளுடைய மெயில் முதல் பேச்சைப் போலத் தெரிந்தாலும், உள்ளே இருந்தது மூன்றாவது: 'புதுப் பெண் என்று ஏமாற்றிவிட்டார்கள்.' அந்தப் புத்தகம் சொல்லும் வழி, உன் கதையிலிருந்தும் ஆரம்பிக்காதே, எதிராளி கதையிலிருந்தும் ஆரம்பிக்காதே, பக்கத்தில் நின்று பார்க்கும் மூன்றாம் ஆள் என்ன சொல்வானோ அதிலிருந்து ஆரம்பி என்பது. ஆங்கிலத்தில் அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தமிழில் நமக்கு அது நாக்கு நுனியிலேயே இருக்கிறது. 'நீங்க குறைச்சீங்க' என்பதற்குப் பதில் 'வித்தியாசம் வருது' என்றால் போதும். செய்தவன் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஆனால் 'நான் இப்படி உணர்கிறேன்' என்று ஆரம்பிக்கச் சொல்லும் ஆங்கிலப் பழக்கத்தை எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்பு மேனேஜரிடம் கொண்டுபோனால், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார்.

அதே புத்தகத்தின் இன்னொரு யோசனை, தப்பு யாருடையது என்று தேடாதே, இதில் யார் யாருடைய பங்கு எவ்வளவு என்று பார் என்பது. போன் செய்வதற்கு முன்னால் அதைத்தான் செய்யச் சொன்னேன்.

ஒவ்வொரு சைடின் சதைப்பக்கத்திலும் தோல் ஷாப்பு மெஷின் காட்டிய அளவு எழுதியிருக்கும். 19 போட்டு அதன் தலையில் சின்னதாக 3 போட்டிருந்தால் பத்தொன்பதே முக்கால் அடி. முதலில் எங்கள் மெஷினில் அளவு தெரிந்த தகட்டை விட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு இருபது சைடுகளை எடுத்து, எழுதியிருந்த அளவையும் எங்கள் அளவையும் எதிரெதிரே எழுதினாள். இந்த இருபது வரியிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். வித்தியாசம் எல்லாச் சைடிலும் ஒரே விகிதத்தில் வந்தால் மெஷினைச் சந்தேகப்படலாம், ஈரத்தைச் சந்தேகப்படலாம். தோல் ஈரம் வாங்கினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மழைநாளில் அளந்து, கத்திரி வெயிலில் ஏற்றிவந்த தோல் அளவு குறைந்தால் அதில் யாருடைய திருட்டும் இல்லை. வித்தியாசம் ஒன்றிரண்டு சைடில் மட்டும் பெரிதாக இருந்தால் வயிற்றுப்பக்கம் மடங்கியபடி மெஷினுக்குள் போயிருக்கும். எழுதிய அளவெல்லாம் சரியாக இருந்தும் மொத்தம் குறைந்தால் எண்ணிக்கையில் கோளாறு.

அவள் பட்டியலில் எல்லாச் சைடிலும் கால் அடி, அரை அடி குறைந்தது. கிட்டத்தட்ட 2 சதவீதம். ஆனால் மொத்தக் குறை 4 சதவீதம் ஆயிற்றே. பிறகு கட்டுகளை எண்ணினாள். 24 கட்டில் பத்துப் பத்து, ஒன்றில் ஐந்துதான். ஐந்து சைடு என்றால் 100 அடி. இப்போது எங்கள் பங்கும் வெளியே வந்தது: கேட்டில் '25 கட்டு' என்று கையெழுத்துப் போட்டிருந்தோம், சைடை யாரும் எண்ணவில்லை. அந்தக் கையெழுத்து அவளுடையதுதான். முகம் சுருங்கிப்போயிற்று. மெயிலை அனுப்பியிருந்தால் அவர்கள் அந்தச் சீட்டைத்தான் முதலில் நீட்டியிருப்பார்கள்.

அடுத்தது 'கெட்டிங் டு யெஸ்' வேலை. பேச்சு முறிந்தால் நமக்கு வேறு வழி என்ன என்பதை உட்காருவதற்கு முன்பே தெரிந்துகொள் என்கிறது அது. ஆளுக்கு ஆள் மல்லுக்கு நிற்காமல் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவா என்கிறது. அளவுகோல் இங்கே இருக்கிறது, ஆர்டரில் உள்ள 2 சதவீதமும் சைடில் எழுதிய எண்ணும். வேறு வழி என்றால் பில்லில் பணத்தைப் பிடிப்பது. அதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை, மேனேஜர் கையெழுத்து வேண்டும். இந்தப் புத்தகங்களின் பெரிய குறையே இதுதான். பேசுகிறவன் கையில்தான் முடிவு இருக்கிறது என்றே பெரும்பாலும் நினைத்து எழுதுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவள் பேசுவது தூது. திருக்குறளில் அதற்கென்று தனி அதிகாரமே இருக்கிறது, 69ஆவது. ஆகவே போனுக்கு முன் மேனேஜரிடம் போய் அவள் கேட்க வேண்டியது மூன்று: எதைக் கேட்கணும், எதுவரை நானே சரி என்று சொல்லலாம், எது வந்தால் உங்களிடம் கொண்டுவரணும். இதைக் கேட்கவே அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: ஐந்து சைடு வந்தாகணும், 2 சதவீதத்துக்குள் இருப்பதை விட்டுவிடு, பணம் பிடிக்கிற பேச்சு வந்தால் என்னிடம் வா.

தோல் ஷாப்புக்காரரிடம் போனில் அவள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மூன்று தடவை எழுதித் திருத்தினோம். "பாய், உங்க பில்லுக்கும் எங்க மெஷினுக்கும் 200 அடி வித்தியாசம் வருது. எங்க வருதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்." அதற்குப் பிறகு ஐந்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, பேனாவால் மேஜையில் ஐந்து புள்ளி வைக்கச் சொன்னேன். கூச்ச சுபாவிக்கு அமைதி பழக்கம்தானே என்பார்கள். மற்றவர் பேச்சுக்கு நடுவில் வரும் அமைதி பழக்கம். தான் ஒன்று கேட்டுவிட்டு வரும் அமைதி அப்படியில்லை, அதில்தான் 'பரவாயில்லை' வந்துவிடுகிறது. அவள் நான்காம் புள்ளி வைக்கும்போது அவர் பேசினார்: "போன வாரமே மெஷின சரிபண்ணியாச்சுன்னு எங்காளுங்க சொன்னாங்களேம்மா."

இப்போதுதான் வாஸ் புத்தகம் தேவைப்படுகிறது. எதிராளியின் கடைசி இரண்டு மூன்று வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல், அவர் தானே விரித்துச் சொல்வார் என்பது அவருடைய பிரபலமான வித்தை. தமிழில் அதை அப்படியே செய்தால் சண்டைதான். நம் வாக்கியம் வினையில் முடிகிறது. "சொன்னாங்களேவா?" என்று திருப்பிக் கேட்டால் கிண்டல் செய்வதாக நினைப்பார்கள். வாக்கியத்தின் நடுவில் இருக்கும் பெயரையோ காலத்தையோ பொறுக்கி எடுக்க வேண்டும். அவள், "போன வாரமா பாய்?" என்றாள். அவ்வளவுதான். அவரே சொல்ல ஆரம்பித்தார்: செவ்வாய் வரை மெஷின் கூடுதலாகக் காட்டியது, உங்கள் லோடு திங்களா புதனா என்று பார்த்துச் சொல்கிறேன். திங்கள்தான்.

வாஸ் சொல்லும் இன்னொரு கேள்வி, 'நான் இதை எப்படிச் செய்ய முடியும்?' என்று எதிராளி தலையிலேயே சிக்கலை இறக்கிவைப்பது. இதை அமெரிக்கர் ஒருவர் கண்டுபிடித்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து எந்தக் கடையிலும் கேட்கும் "எப்படிங்க கட்டுப்படியாகும்?" அதுதான். அந்த 'ங்க' இருக்கும்வரை யாருக்கும் கோபம் வராது.

பள்ளிகொண்டாவுக்கும் வேலூருக்கும் நடுவே பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலாலேயே விலை பேசும் தரகர்கள் இப்படிப்பட்ட சந்தைகளுக்கே உரியவர்கள். எண் யார் காதிலும் விழாததால் இறங்கி வந்தவருக்கும் மானம் போகாது. என் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன்: எண்ணை வாயால் சொல்ல வராவிட்டால் சொல்ல வேண்டாம். அந்த இருபது சைடு பட்டியலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "பாத்தீங்களா பாய்?" என்று மட்டும் கேள். அவளும் அதைத்தான் செய்தாள்.

எல்லாம் சரியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மெஷின் கோளாறில் போன 2 சதவீதத்தை அவர்கள் தரவில்லை. ஆர்டரில் நாங்களே விட்டுக்கொடுத்திருந்ததால் கேட்கவும் முடியவில்லை. ஐந்து சைடைப் பற்றி "அனுப்பிடலாம்மா, பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைக்கப் போனாள். நான் சாடை காட்டினேன். நம் ஊரில் 'பாத்துக்கலாம்' என்பது பாதி மறுப்பு. நாளும் எண்ணும் ஆளும் வந்தால்தான் சம்மதம். "எந்த லோடுல பாய், யார்கிட்ட கேக்கட்டும்?" என்று கேட்ட பிறகுதான் வியாழக்கிழமை லோடும் ஒரு சூப்பர்வைசர் நம்பரும் கிடைத்தன.

வியாழக்கிழமை ஐந்து சைடும் வந்தன, டச்சப்புக்காக எடுத்துவைத்து மறந்துபோயிருந்தார்களாம். கேட்டில் கையெழுத்துப் போடும் முன் அவள் எல்லாக் கட்டையும் பிரித்து எண்ணினாள். லாரி டிரைவர் அரை மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.