கோபத்தை நீக்கி எழுதிய கடிதம்

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கும் மதுரைப் பெண் அவர். 28 படுக்கைகள் கொண்ட முதியோர் வார்டு. பகல் ஷிப்ட்டுக்கு நான்கு நர்ஸுகள் வேண்டும். ஆனால், பல நாள்கள் இரண்டு பேர்தான். ஆளுக்கு 14 நோயாளிகள். பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளிகளைத் தாண்டினால் ஆபத்து கூடும் என்கிறது, அந்நாட்டின் ‘நைஸ்’ அமைப்பு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

நிர்வாகத்துக்கு எழுத நினைத்தாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். மருத்துவமனை ஸ்பான்சர் செய்த விசா அது. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். வீட்டுக் கடனோ அப்படியே நிற்கும்.

துணிந்து எழுதியதை, சீனியரான நெல்லைக்கார அக்காவிடம் காட்டினார். ‘இங்கே யாருக்கும் அக்கறையில்லை’ என்று தொடங்கி, தனக்கு லீவு மறுக்கப்பட்டதுவரை அதில் இருந்தது.

“இதுல உன் கோபம்தாம்மா இருக்கு. நடந்தது எங்கே? லீவு உன் சொந்தப் பிரச்னை, அதைத் தனியா கொடு” என்றார் அக்கா.

அதற்குக் காரணம் உண்டு. பொதுநலன் கருதி ஆபத்தைத் தெரிவிக்கும் ஊழியரை, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அங்குள்ள 1998-ம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஆனால், கடிதத்தில் தகவல் இருக்க வேண்டும். வெறும் குற்றச்சாட்டு போதாது.

இரண்டாவது கடிதம் இப்படி இருந்தது: ‘செவ்வாய், பகல் ஷிப்ட். தேவை நான்கு நர்ஸுகள், இருந்தது இரண்டு. 11 மணிக்கு வலி மருந்து கேட்டவருக்கு 11.50-க்குத்தான் தர முடிந்தது. ஐந்து பேருக்கு 2 மணி ரத்த அழுத்தம் பார்க்கப்படவில்லை. 12.15-க்குப் பொறுப்பாளரிடம் போனில் சொன்னேன். அனுப்ப ஆளில்லை என்றார்.’

வலி மருந்து அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாவதும், பரிசோதனை விடுபடுவதும் ‘நைஸ்’ பட்டியலிலேயே அபாய அறிகுறிகள். அதனால் ஆவேச வார்த்தைகளுக்கு வேலையே இல்லை. நோயாளிகளின் பெயர்களை எழுதவில்லை. கடைசியில் ஒரு கோரிக்கை: ‘நர்ஸுகள் வரும்வரை புதிய நோயாளிகளை இந்த வார்டில் சேர்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.’

வார்டு மேனேஜருக்கு அதை மெயில் செய்தார். மேட்ரனுக்கும், ஊழியர்கள் பயமின்றிப் பேச உதவும் ‘ஃப்ரீடம் டு ஸ்பீக் அப்’ கார்டியனுக்கும் நகல் போனது. வியாழனன்று ஆறு படுக்கைகள் மூடப்பட்டன. ஏஜென்சி நர்ஸ் ஒருவர் வந்தார்.

அடுத்த மாத ரோஸ்டரில் அவருக்குத் தொடர்ந்து மூன்று வாரம் நைட் ஷிப்ட். பழிவாங்கல் சட்டப்படி தவறுதான். ஆனால், சட்டம் தானாக வந்து தடுக்காது. தீர்ப்பாயத்துக்குப் போவதற்குக் கெடு உண்டு. அங்கே தேதியோடு ஆதாரமும் வேண்டும். அவர் சண்டை போடவில்லை. ‘என் கடிதத்துக்குப் பிறகு இந்த மாற்றம் வந்திருக்கிறது. காரணத்தைத் தெரிவிக்கவும்’ என்று, கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, கார்டியனுக்கு நகலுடன் எழுதினார்.

இரண்டு நாளில் பழைய ரோஸ்டரே திரும்ப வந்தது. காரணம் மட்டும் வரவில்லை. அந்த மெயிலையும் அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.