பின்னல் சொன்ன நீளம்

எங்கட குறும்படத்தில ஒரு காட்சி. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வாறாள். பஸ் இடப்பக்கம் திரும்பிப் போகுது. அவள் நிண்டு, தலையை மட்டும் திருப்பி அதைப் பாக்கிறாள். கமரா அவளுக்குப் பின்னால இருக்கு, அதால முகம் தெரியாது. எங்களிட்ட இருந்தது இடுப்பு வரை தொங்கிற ஒற்றைப் பின்னல் மட்டும்தான். அவள் ஏமாந்துபோய் நிற்கிறதை அந்தப் பின்னல்தான் காட்டவேணும்.

முதல் தரம் செய்ததை எங்களில் ஒருத்தியின் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினோம். பார்த்திட்டுக் கேட்டாள்: "அக்கா, பின்னலுக்குள்ள கம்பி வச்சிருக்கிறியளோ?"

அவள் கேட்டது சரி. தலை நின்ற அதே பிரேமில் பின்னலும் நின்றிருந்தது. உண்மையான பின்னலுக்கு தலை திரும்பினது உடனே தெரியாது. அடி முதலில் இழுபடும், நடு பிறகு, நுனி கடைசியில். தலை நின்ற பிறகும் அது நிற்காமல் மறுபக்கம் போகும். டிஸ்னியில் வேலை செய்த பிராங்க் தோமஸும் ஒலி ஜோன்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் 12 விதிகளில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கினம். இப்ப கேம் செய்யிற ஆக்கள் இதைத்தான் செக்கண்டரி மோஷன் எண்டு சொல்லுறது.

நாங்கள் பிளெண்டரில் பின்னலுக்குள் ஐந்து எலும்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்த்திருந்தோம். எங்கட படம் செக்கனுக்கு 24 பிரேம். தலை 10ஆம் பிரேமில் திரும்பத் தொடங்கி 18இல் நிற்கும். முதல் எலும்பின் அசைவைச் செய்து, அதையே மற்ற நாலுக்கும் பிரதி எடுத்தோம். பிறகு ஒவ்வொரு எலும்பின் கீகளையும் தனக்கு மேலே உள்ளதை விட 2 பிரேம் வலப்பக்கம் தள்ளினோம். முதல் எலும்பு 12இல் புறப்பட்டால், ஐந்தாவது 20இல்தான் தானாக வளையத் தொடங்கும். அதாவது, தலை ஏற்கெனவே நின்றுவிட்டது.

இதில் ஒரு பிழை விட்டோம். பின்னல் 25 பாகை சரியவேணும் எண்டு நினைச்சு ஒவ்வொரு எலும்புக்கும் 25 குடுத்திட்டம். மேல் எலும்பு திரும்பினால் கீழே உள்ளதெல்லாம் அதோடு சேர்ந்து திரும்பும். கூட்டினால் 125 பாகை. பின்னல் தேள் வால் மாதிரிச் சுருண்டு மேலே வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் 5 பாகை போதும்.

அதுக்குப் பிறகும் ஏதோ சரியில்லை. பிள்ளை சின்னப் பொம்மை மாதிரித் தெரிந்தாள். ஒரு பக்கத்தில இருந்து மறுபக்கம் போக 6 பிரேம் குடுத்திருந்தோம், போய்வர 12, அதாவது அரைச் செக்கன். எங்களில் கணிதப் பிரிவில் ஏஎல் செய்து கலைப்பீடத்துக்கு வந்த ஒருத்தன் ஊசலை ஞாபகப்படுத்தினான். ஊசல் நீளமெண்டால் மெதுவாக ஆடும். நீளம் நாலு மடங்கானால் அலைவுகாலம் இரண்டு மடங்காகும். 60 சென்ரிமீற்றர் பின்னல் சுயாதீனமாகத் தொங்கி ஆடினால் ஒருதரம் போய்வரக் கிட்டத்தட்ட 1.3 செக்கன் எடுக்கும், அதாவது 30 பிரேம். நாங்கள் குடுத்த அரைச் செக்கனில் ஆடுறது 9 சென்ரிமீற்றர் பின்னல். பொம்மையின்ர தலைமயிர் அவ்வளவுதான் இருக்கும். பார்க்கிற ஆள் கணக்குப் போடுறதில்லை, ஆனால் கண் அந்த வேகத்தை வைத்தே ஆளின் அளவை எடுத்துவிடுகிறது.

அதால ஒரு பக்கத்துக்கு 15 பிரேம் வைத்தோம். முதலில் 25 பாகை, மறுபக்கம் 12, திரும்ப 5, பிறகு ஓய்வு. முதுகில் உரசுவதால் சரிவு கெதியாகக் குறையத்தான் வேணும். குறையாமல் ஆடினால் பின்னல் மணிக்கூட்டு ஊசலாகிவிடும்.

நுனியில் கட்டிய வெள்ளை றிபனுக்கு இந்தக் கணக்குச் சரிவரேல்ல. அதுக்குப் பாரம் இல்லை, காத்துத்தான் அதைப் பிடிச்சு வைக்கும். அது பிந்தி வந்து, ஒருக்கா மடங்கி, ஆடாமல் படிந்துவிடும். பாவாடையின் கரையும் அப்படித்தான். பஸ் தரிப்பில் படுத்திருந்த நாய்க்கு பின்னலின்ர கீகளைப் போட்டுப் பார்த்தபோது, வால் கட்டிவிட்ட கயிறு மாதிரி இருந்தது. வாலுக்குத் தசை இருக்கு. உடம்பு அசையாமல் இருந்தாலும் அது அடியிலிருந்து தானாகத் தொடங்கும், நுனி மட்டும்தான் பிந்தும்.

கடைசியில் தலை, தோள், கால் எல்லாத்தையும் 18ஆம் பிரேமோடு அசையாமல் விட்டோம். பின்னல் மட்டும் இரண்டு செக்கனுக்கு மேல் ஆடி அடங்குகிறது. தங்கச்சி திரும்பப் பார்த்தாள். கம்பியைப் பற்றிக் கேட்கேல்ல. "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" எண்டு கேட்டாள்.